சரியான அளவில் சூரியக் குடும்பம்

அந்தச் சுவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. வயசானால் பொறுமை வரும் என்பார்கள். வருகிறவர்களுக்கு வரட்டும், எனக்கு வரவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் அறிவியல் டீச்சராக இருந்தேன். கலெக்டர் ஆபீஸ் பக்கம் புது வீடுகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். வீடு கட்டியவர்களுக்கெல்லாம் பிள்ளைகள் இருந்தார்கள், அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் டை கட்டி அனுப்ப ஒரு பள்ளிக்கூடம் வேண்டியிருந்தது. கீழ்பென்னாத்தூரில் செக்கு எண்ணெய் மில் வைத்திருந்த ஒரு மனிதர் அதை மோப்பம் பிடித்துப் பள்ளி ஆரம்பித்துவிட்டார். அவர்தான் எங்கள் தாளாளர். கடலையில் எண்ணெய் எடுப்பதும் பிள்ளைகளிடம் மார்க் எடுப்பதும் அவருக்கு ஒரே தொழில்தான். பிழிய வேண்டும், அவ்வளவு.

அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பள்ளிகளில் ஒரு வழக்கம் இருந்தது. வேலைக்குச் சேரும்போதே நம்முடைய அசல் சான்றிதழ்களை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். வருஷ நடுவில் ஓடிவிடக் கூடாதாம். மாடு வாங்கினவன் மூக்கணாங்கயிற்றைக் கையில் பிடித்துக்கொள்வதைப் போல. என்னுடைய டிகிரியும் பி.எட்.டும் அப்படித்தான் அந்த ஆளுடைய பீரோவுக்குள் கிடந்தன.

அந்த நேரத்தில்தான் எம்ப்ளாய்மெண்ட் ஆபீசிலிருந்து எனக்குக் கார்டு வந்தது. அரசுப் பள்ளி வேலை. வெள்ளிக்கிழமை வேலூரில் சான்றிதழ் சரிபார்ப்பு, அசல் இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். என் அப்பா ஏர் ஓட்டிப் படிக்கவைத்த படிப்பு அது. கார்டைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் எல்லாரும் அழுதார்கள், நானும்தான்.

மறுநாளே தாளாளர் அறைக்குப் போனேன்.

"சார், என் ஒரிஜினல் எல்லாம் வேணும். வேலூர்ல வெரிஃபிகேஷன்."

அவர் தலையைத் தூக்கவில்லை. "இன்ஸ்பெக்ஷன் வருதும்மா. பத்தாவது வரைக்கும் ரெகக்னிஷன் கேட்டிருக்கோம். அது முடியட்டும், பார்க்கலாம்."

"இன்ஸ்பெக்ஷன் செவ்வாய்க்கிழமை சார். அன்னைக்குச் சாயந்திரமே குடுத்துடுவீங்களா?"

"பார்க்கலாம்னு சொன்னேன்ல?"

அந்த 'பார்க்கலாம்' எப்படிப்பட்டது என்று அங்கே வேலை பார்த்த எல்லாருக்கும் தெரியும். 

இன்ஸ்பெக்ஷனுக்காகப் பள்ளி முழுக்க வெள்ளையடித்தார்கள். கேட்டைத் திறந்ததும் கண்ணில் படும் பெரிய சுவரில் சூரியக் குடும்பத்தை வரைவது என்று தாளாளர் முடிவு செய்தார். என்னைக் கேட்டாரா? அறிவியல் டீச்சர் என்று ஒருத்தி இருக்கிறாளே என்ற நினைப்பாவது இருந்ததா? கடைத்தெருவிலிருந்து ஒரு சார்ட் வாங்கிவந்து பெயிண்டர் கையில் கொடுத்துவிட்டார். கட்சிக்கும் கல்யாணத்துக்கும் பேனர் எழுதுகிற பெயிண்டர் அவர். சார்ட்டின் மேல் பென்சிலால் இஞ்சு இஞ்சாகக் கட்டம் போட்டார். சுவரில் நூல் கட்டி அரை அடிக் கட்டமாகப் போட்டார். இந்தக் கட்டத்தில் இருப்பதை அந்தக் கட்டத்தில் ஏற்றினார். சும்மா சொல்லக்கூடாது, ஏற்றியதில் ஒரு நூல் பிசகவில்லை.

மூன்றரை அடி அகலத்துக்குச் சூரியன், தீ கொழுந்து விட்டு எரிந்தது. பக்கத்திலேயே புதனும் வெள்ளியும். அதற்கு அடுத்து ஏழு இஞ்சு பூமி, ஒட்டினாற்போல் செவ்வாய். வியாழனும் சனியும் யுரேனஸும் நெப்டியூனும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு பௌர்ணமி பஸ்ஸில் நிற்கிற கூட்டம் போல நின்றன. கடைசியில் குழாயடி ஓரமாகப் புளூட்டோ. அப்போது அதுவும் கிரகம்தான். நடுவில் ஒரு விண்கலம், வியாழனில் பாதி பெரிசு. சனிக்கும் யுரேனஸுக்கும் இடையில் ஐந்து முனை வைத்த மஞ்சள் நட்சத்திரங்கள். எல்லாவற்றுக்கும் மேலே முழ நீள எழுத்தில்: 'சூரியக் குடும்பம் – சரியான அளவில்.'

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படம் எப்படியோ இருந்துவிட்டுப் போகட்டும், எல்லாப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. ஒரு தாளுக்குள் அடக்க வேறு வழியும் இல்லை. ஆனால் 'சரியான அளவில்' என்று எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

"சார், அந்த வரியை அழிக்கச் சொல்லுங்க. இல்ல, கீழ 'அளவுப்படி அல்ல'ன்னு சின்னதா எழுதச் சொல்லுங்க. இது அளவே கிடையாது."

"என்னம்மா பேசறே? கட்டம் போட்டு ஏத்தினது. இஞ்சுக்கு அரை அடி. ஏம்ப்பா, நீ சொல்லு."

பெயிண்டர் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே, "ஆமாங்க டீச்சர், எங்கியும் ஜாஸ்தியும் இல்ல, கம்மியும் இல்ல" என்றார்.

"சார்ட்டை அப்படியே ஏத்தினாரு சார், அது சரி. ஆனா அந்த சார்ட்டே அளவுப்படி போடலயே! நெஜத்துல சூரியனோட அகலத்துல பூமியை வரிசையா வெச்சா நூத்தி ஒம்பது பூமி வேணும். இங்க ஆறுதான் வரும்."

"கடையில விக்கிறாங்கம்மா. தப்பா அச்சடிச்சு விப்பாங்களா?"

"அந்த நட்சத்திரம்? சனிக்கு அந்தாண்ட நட்சத்திரம் எங்கேருந்து சார் வந்துச்சு? ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு சூரியன். நம்ம குடும்பத்துக்குள்ள இருக்குற ஒரே நட்சத்திரம் சூரியன்தான்."

"காலியா இருந்தா மொட்டையா இருக்காதா? நானே போடச் சொன்னேன்."

"காலியாத்தான் சார் இருக்கணும்! அங்க எல்லாமே காலிதான்!"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு ஓங்கி ஒன்று விடலாம் போல இருந்தது. "ஒன் பாடத்தைக் கிளாஸ்ல நடத்து. சுவரு என்னுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சரி, கிளாஸில் நடத்துகிறேன் என்று வீம்பு பிடித்தது எனக்கு. ஏழாம் வகுப்புக் கரும்பலகையில், சூரியன் பூமியைப் போல நூற்றி ஒன்பது மடங்கு அகலம் என்று மேலே எழுதி, பெரிதாக ஒரு அட்டவணை போட்டேன். சுவரில் இருக்கிற அதே மூன்றரை அடிச் சூரியன்தான் சூரியன் என்று வைத்துக்கொண்டால், மற்றதெல்லாம் எவ்வளவு பெரிசு, எவ்வளவு தூரம்?

புதன் – கொத்தமல்லி விதை – 44 மீட்டர்
வெள்ளி – சற்றுச் சின்ன வேர்க்கடலைப் பருப்பு – 83 மீட்டர்
பூமி – வேர்க்கடலைப் பருப்பு – 115 மீட்டர்
செவ்வாய் – மிளகு – 175 மீட்டர்
வியாழன் – உரித்த தேங்காய் – 597 மீட்டர்
சனி – விளாம்பழம் – 1.1 கிலோமீட்டர்
யுரேனஸ் – எலுமிச்சம்பழம் – இரண்டேகால் கிலோமீட்டர்
நெப்டியூன் – இன்னொரு எலுமிச்சம்பழம் – மூன்றரை கிலோமீட்டர்
புளூட்டோ – கடுகு – 4.5 கிலோமீட்டர்

பிள்ளைகளுக்கு ஒரே குஷி. எதிர்ச்சாரி டீக்கடையில் ஒரு வேர்க்கடலைப் பருப்பை வைத்தால் அதுதான் பூமி, பஸ் ஏறிக் கோயில் பக்கம் போய் இறங்கி எலுமிச்சம்பழத்தை வைத்தால் நெப்டியூன் என்றதும் கத்தித் தீர்த்துவிட்டார்கள். "அப்போ நடுவுல என்ன மிஸ் இருக்கும்?" என்று ஒருத்தி கேட்டாள். "ஒண்ணும் இருக்காது. கொஞ்சம் கல்லு, கொஞ்சம் தூசி, அவ்வளவுதான்" என்றேன். அந்தப் பெண் நோட்டில் அட்டவணைக்குக் கீழே அதையும் எழுதிக்கொண்டாள். அன்றைக்கு எனக்குச் சோறே வேண்டாம் போல மனசு நிறைந்திருந்தது.

அது இன்ஸ்பெக்ஷனுக்கு முதல் நாள். மத்தியானம் தாளாளர் வகுப்பு வகுப்பாகச் சுத்தம் பார்த்துக்கொண்டு வந்தார். கரும்பலகையைப் படித்தார். ஆயாவைக் கூப்பிட்டு ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார். பிள்ளைகள் எதிரிலேயே.

பிறகு என்னை வராந்தாவுக்கு அழைத்தார்.

"நல்லா கேட்டுக்கோ. ஒன் சர்டிபிகேட் பீரோவுல இல்ல. ரெகக்னிஷன் ஃபைல்ல வெச்சிருக்கேன். தகுதியான டீச்சர் இருக்காங்கன்னு காட்டணும்ல? ஃபைலு நாளைக்கு அதிகாரி கைக்குப் போகும். எல்லாம் நல்லபடியா முடிஞ்சா நானே வாங்கித் தரேன். சுவத்தைப் பத்தி நீ வாயைத் திறந்து, அவரு ஏதாவது குறை எழுதிட்டாருன்னா, ஃபைலு அவரு ஆபீசுக்குப் போயிடும். அப்புறம் ஒன் வெள்ளிக்கிழமை, ஒன் பாடு."

அடப்பாவி! என் அப்பாவின் முதுகு வளைந்து வாங்கின காகிதத்தை எடுத்துத் தன் ஃபைலுக்குப் பூ வைத்திருக்கிறான்.  அழுகை வரவில்லை, ஆத்திரம்தான். அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எரிந்து விழுந்தேன், பாவம் அவள் என்ன செய்வாள். வாயை மூடிக்கொண்டு இரு என்றாள். நானும் மூடிக்கொண்டுதான் இருக்கப்போகிறேன் என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஆய்வு அதிகாரி வந்தார். முன்பு கணக்கு வாத்தியாராக இருந்தவர் என்று சொன்னார்கள். முகத்தில் சிரிப்பே இல்லை. சுவருக்கு எதிரே மேஜை போட்டு, இளநீரும் தட்டு நிறைய வறுத்த வேர்க்கடலையும் வைத்திருந்தார்கள். மேஜையில் ஃபைல். என் கண் ஃபைலை விட்டு நகரவில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சுவர் ஓரமாக வரிசையில் நின்றார்கள், அவர்களுக்குப் பக்கத்தில் நான்.

அதிகாரி சுவரைப் பார்த்தார். மேலே எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்தார்.

"சரியான அளவிலயா? பரவாயில்லையே. எப்படிப் போட்டீங்க?"

"கட்டம் போட்டு ஏத்தினது சார். இஞ்சுக்கு அரை அடி" என்று தாளாளர் குழைந்தார்.

அதிகாரி முன்னால் நின்ற பெண்ணிடம் திரும்பினார். முந்தின நாள் நடுவில் என்ன இருக்கும் என்று கேட்டாளே, அவள்தான்.

"சூரியன் அகலம் பூமியைப் போல எத்தனை மடங்கும்மா?"

"நூத்தி ஒம்பது சார்" என்றாள் படக்கென்று.

அதிகாரி ஒரு பையனிடம் ஒரு அடி ஸ்கேலை வாங்கினார். தானே போய்ச் சூரியனை அளந்தார். பூமியை அளந்தார்.

"நாப்பத்திரெண்டு இஞ்சு. ஏழு இஞ்சு. ஆறுதானே வருது? நூத்தி ஒம்பதா, ஆறா?"

 தாளாளர் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. கையை நீட்டி என்னைக் காட்டினார்.

"சயின்ஸ் டீச்சர் சொல்லித்தான் சார் வரைஞ்சது. நமக்கு இதெல்லாம் என்ன தெரியும்? அவங்க புதுசு, ஏதோ தப்புப் பண்ணிட்டாங்க."

வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன் என்று அம்மாவுக்குச் சொன்னதெல்லாம் காற்றில் போயிற்று. பொறுமைக்கும் ஒரு எல்லை இல்லையா?

"பொய் சார்!" என்றேன். என் குரல் எனக்கே கணீரென்று கேட்டது. "இது அளவே இல்லன்னு அவர்கிட்ட தலையால தண்ணி குடிச்சு சொல்லிட்டேன். அந்த வரியை அழிக்கச் சொன்னேன். என் அட்டவணையைத்தான் அழிச்சாரு."

"ஏய்..." என்றார் தாளாளர்.

நான் மேஜைத் தட்டிலிருந்து ஒரு கடலையை எடுத்து, தோலை ஊதிவிட்டு உயர்த்திக் காட்டினேன்.

"அந்தச் சூரியனுக்கு இந்த மல்லாட்டைதான் சார் பூமி. இதை இங்க வைக்கக் கூடாது. ரோட்டைத் தாண்டி டீக்கடையில வைக்கணும். நிலா ஒரு பெரிய கடுகு. மல்லாட்டையிலேருந்து உங்க கையில இருக்கே ஸ்கேலு, அந்த ஒரு ஸ்கேல் தூரம். மனுஷன் இதுவரைக்கும் நேர்ல போனது அவ்வளவுதான். நெப்டியூன் கோயில்கிட்ட இருக்கு. ஆளில்லாத விண்கலம் அங்க போய்ச் சேரவே பன்னெண்டு வருஷம் ஆச்சு. இவரு ரெண்டு எட்டுல கொண்டு போயிட்டாரு. அந்தா, மஞ்சளா ஸ்டார் போட்டிருக்காரே, நெஜத்துல அடுத்த நட்சத்திரம் நாலு ஒளியாண்டு தள்ளி இருக்கு. இந்தச் சூரியனுக்கு அது முப்பத்தோராயிரம் கிலோமீட்டர். திருவண்ணாமலையில இல்ல சார், இந்தப் பூமியையே குறுக்கால துளைச்சுப் போனாலும் பத்தாது."

பிள்ளைகளில் ஒன்று கை தட்டியது. அதிகாரி அதை ஒரு பார்வை பார்த்தார், அடங்கிவிட்டது.

"அந்த ஃபைல்ல என் ஒரிஜினல் சர்டிபிகேட் இருக்கு சார்" என்றேன். வந்தது வரட்டும் என்று ஆகிவிட்டது. "வெள்ளிக்கிழமை எனக்கு வேலூர்ல வெரிஃபிகேஷன். நீங்க எடுத்துட்டுப் போயிட்டா என் கவர்மெண்ட் வேலை போயிடும்."

அவர் ஃபைலைப் புரட்டினார். என் பட்டம் வெளியே வந்தது. அதைத் தூக்கிப் பிடித்துத் தாளாளரைக் கேட்டார்: "நகல்தானே கேட்டோம்? ஒரிஜினல் எப்படி வந்துச்சு?"

"அவங்களே நம்பிக் குடுத்தாங்க சார்."

"குடுக்கல சார். பிடுங்கி வெச்சுக்கிட்டாங்க. இங்க எல்லாருதும் பீரோவுலதான் இருக்கு."

வராந்தாவில் நின்ற மற்ற டீச்சர்கள் தரையைப் பார்த்தார்கள்.  அதிகாரி இரண்டு காகிதங்களையும் என்னிடம் நீட்டினார். அவர் ஒன்றும் என் மேல் இரக்கப்பட்டுக் கொடுக்கவில்லை, தன் தலையில் வம்பு வரக்கூடாது என்று கொடுத்தார்.

"பிடிங்க. ஒங்க சண்டையை நான் போனதும் வெச்சுக்கோங்க" என்றவர் தாளாளரிடம் திரும்பினார். "சுவத்துல ஒண்ணு, பசங்க வாயில ஒண்ணுன்னு இருக்கக் கூடாது. ரெண்டும் ஒத்துப்போகணும். சரிபண்ணிட்டு எழுதி அனுப்புங்க. அப்பத்தான் ரெகக்னிஷன்."

"பண்ணிடறோம் சார், பண்ணிடறோம்" என்றார் தாளாளர்.

கார் கிளம்பியதும் அவர் என்னைப் பார்த்துச் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. நானும் சளைக்கவில்லை. காகிதத்தை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினேன், திரும்பிப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை வேலூர் போனேன். வேலை கிடைத்தது. சேதி கேட்டதும் அப்பா போய் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

அந்தப் பள்ளிக்கும் ரெகக்னிஷன் வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். சுவரைச் சரிசெய்துவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். அந்த வரியை அழிக்க எவ்வளவு நேரம் ஆகப்போகிறது? ஒரு கை சுண்ணாம்பு.

சில வருஷம் கழித்து நான் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் இருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் புதிதாக ஒரு பெண் சேர்ந்தாள், வேங்கிக்காலில் அந்த மெட்ரிகுலேஷனில் படித்துவிட்டு வந்தவள். நல்ல சூட்டிகை, எதைக் கேட்டாலும் முதலில் கையைத் தூக்குவாள். ஒருநாள் விண்வெளிப் பாடம் எடுக்கும்போது, சூரியன் பூமியைப் போல எத்தனை மடங்கு அகலம் என்று கேட்டேன். அவள் எழுந்தாள்.

"ஆறு மடங்கு மிஸ்."

வகுப்பு சிரித்தது. அவள் முகம் சிவந்ததே தவிர உட்காரவில்லை.

"ஆறுன்னு யார் சொன்னது?" என்றேன். 

"எங்க பழைய ஸ்கூல் சுவத்துல படம் இருக்கு மிஸ். பக்கத்துலயே பெயிண்ட்ல டேபிள் போட்டிருக்கு. சூரியன் ஆறு மடங்கு, வியாழன் ரெண்டு மடங்கு. எல்லாரும் மனப்பாடம் பண்ணணும்."

ரெண்டும் ஒத்துப்போகணும் என்று அந்த அதிகாரி சொன்னாரே, அந்த ஆள் ஒத்துப்போக வைத்துவிட்டான். சுவரை அட்டவணைக்கு மாற்றவில்லை. அட்டவணையைச் சுவருக்கு மாற்றிவிட்டான். என் பிள்ளைகளின் நூற்றி ஒன்பதைத் துடைத்துவிட்டு ஆறு என்று பெயிண்டில் எழுதி, வருஷா வருஷம் ஒரு வகுப்புப் பிள்ளைகளின் தலையில் கட்டிக்கொண்டிருக்கிறான். எனக்குக் கண்ணெல்லாம் எரிந்தது.

"அது தப்பும்மா" என்றேன், முடிந்த வரைக்கும் நிதானமாக. "நூத்தி ஒம்பது மடங்கு. பாரு, புத்தகத்துலயே போட்டிருக்கு."

அவள் புத்தகத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நம்பவில்லை.

"சும்மா படிச்சது இல்ல மிஸ்" என்றாள். "நாங்க எல்லாரும் ஸ்கேலு வெச்சு அளந்து பார்த்தோம். கரெக்டா ஆறு வந்துச்சு. நீங்க அளந்து பார்த்தீங்களா?"